ஞாயிறு பஃபே, எல்.டி.எல். 168: தட்டில் எதை வைப்பது?

மஞ்சக்குப்பம் செல்வி

மாமனாருக்கு 70 வயது முடிகிறது. அதற்காக வருகிற ஞாயிறு மதியம் பாண்டியில் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் பஃபே என்று முடிவாகிவிட்டது. எனக்கு வயது 47. போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 168. டிரைகிளிசரைடு 130தான், சர்க்கரை இல்லை, தைராய்டும் சரியாக இருக்கிறது. மூன்று மாதம் சாப்பாட்டில் கவனமாக இருங்கள், குறையவில்லை என்றால் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் எனக்குக் கஷ்டமில்லை. பஃபேதான் பயம். ஐம்பது வகை வைத்திருப்பார்கள், நான் மட்டும் வெள்ளரிக்காயோடு உட்கார்ந்தால் நாத்தனார் ஆரம்பிப்பார், "என்ன அண்ணி, விரதமா?" என்று. கட்டுற காசுக்கு நன்றாகச் சாப்பிடவும் வேண்டும், மூன்று மாத முயற்சி வீணாகவும் கூடாது. எதை எடுப்பது, எதை விடுவது? "அளவாகச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அதை டாக்டரே சொல்லிவிட்டார்.

ஓ.டி. ராஜா

அக்கா, ரொம்ப சிம்பிள். இறால், நண்டு, கணவாய், முட்டை பக்கமே போகாதீர்கள். அத்தனையும் கொலஸ்ட்ரால். சைவ வரிசையில் நின்று வேண்டியதைச் சாப்பிடுங்கள். செடி கொடியில் கொலஸ்ட்ராலே கிடையாது. நான் துறைமுகத்துப் பக்கம்தான் இருக்கிறேன், இருந்தும் எனக்கு எகிறியதிலிருந்து இறாலைத் தொடுவதில்லை.

பழைய கரண்டி

ராஜா தம்பி, செடி கொடியில் கொலஸ்ட்ரால் இல்லை என்பது சரி. ஆனால் பஃபேயின் சைவ வரிசையில் செடி கொடி எங்கே இருக்கிறது? பனீர், வெண்ணெய், ஃபிரெஷ் க்ரீம், நெய். நான் பாண்டி ஓட்டல் கிச்சன்களில் பல வருடம் கரண்டி பிடித்தவன், இப்போது அரியாங்குப்பத்தில் சின்னதாக கேட்டரிங் செய்கிறேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

வட இந்தியச் சைவக் குழம்புகளை ஒவ்வொன்றாக யாரும் தனியாக வதக்கிச் செய்வதில்லை. காலையிலேயே இரண்டு மூன்று அடிப்படை கிரேவி பெரிய அண்டாவில் தயாராகிவிடும். முந்திரி, வெங்காயம் அரைத்த வெள்ளை ஒன்று, தக்காளி, வெண்ணெய் போட்ட மக்னி ஒன்று, வெங்காயம் தக்காளி வதக்கியது ஒன்று. அதில் பனீர் விழுந்தால் ஒரு பெயர், காளான் விழுந்தால் இன்னொரு பெயர். இறக்கும்போது க்ரீம் ஒரு சுற்று, வெண்ணெய் ஒரு கட்டி. அப்புறம் முக்கியமான விஷயம்: மூடி போட்ட பாத்திரத்தில் கீழே சூடு எரிய இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் உணவு வறண்டு போகும், மேலே ஆடை கட்டும். அது பழசு மாதிரி தெரியக் கூடாது என்று நடுவில் வந்து சூடான எண்ணெயோ வெண்ணெயோ மேலே ஊற்றிப் பளபளப்பாக்குவார்கள். வீட்டில் செய்கிற அதே குழம்பு பஃபேயில் ஒரு படி கனமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே அக்கா, சைவமா அசைவமா என்று பார்க்காதீர்கள். குழம்பின் நிறத்தையும் ஓரத்தையும் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று இருந்தால் க்ரீம். ஓரத்தில் எண்ணெய் வளையமாகப் பிரிந்து நின்றால் ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புளியின் கரும்பழுப்பு நிறத்தில், தண்ணீராக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை.

லதா, உணவியல்

கரண்டி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்தத்தில் இருக்கிற கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு நம் கல்லீரலே செய்வது. வெண்ணெய், க்ரீம், தேங்காய்ப் பாலில் இருக்கிற நிறைவுற்ற கொழுப்பு அதிகமாக உள்ளே போனால், ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்து அப்புறப்படுத்துகிற வேலையைக் கல்லீரல் குறைத்துக்கொள்கிறது. அதனால் எண் ஏறுகிறது. சாப்பாட்டில் இருக்கிற கொலஸ்ட்ராலும் கொஞ்சம் ஏற்றும், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு அந்த அளவுக்கு இல்லை.

இப்போது இறாலைப் பாருங்கள். 100 கிராமில் கொலஸ்ட்ரால் 150 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும், நிஜம். ஆனால் நிறைவுற்ற கொழுப்பு ஒரு கிராம் கூட வராது. அதே 100 கிராம் பனீரில் பத்து கிராமைத் தாண்டும். கெட்டித் தேங்காய்ப் பால் 100 மில்லியில் அதைவிடவும் அதிகம், அதில் துளி கொலஸ்ட்ரால் கிடையாது! எண்ணெய் டின்னில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று எழுதியிருப்பதும் இப்படித்தான். பாமாயிலில் கொலஸ்ட்ரால் இல்லை, ஆனால் பாதிக்குப் பக்கம் நிறைவுற்ற கொழுப்பு. கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான்.

ஓ.டி. ராஜா

மேடம், என் டாக்டர் இறால் வேண்டாம் என்றுதானே சொன்னார்? அவருக்குத் தெரியாததா?

லதா, உணவியல்

உங்கள் டாக்டர் உங்களுக்குச் சொன்னதை நான் மாற்றவில்லை ராஜா. சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலுக்குச் சிலருடைய உடம்பு அதிகமாக எதிர்வினை காட்டும், சர்க்கரை இருப்பவர்களிடம் இன்னும் கவனமாக இருக்கச் சொல்வதும் உண்டு. அது தவிர, நம் ஊரில் இறால் என்றால் எப்படிச் சாப்பிடுகிறோம்? மாவில் புரட்டி எண்ணெயில் முக்கி எடுத்து, ஒரு தட்டு முழுவதும். டாக்டர் மனதில் அந்தத் தட்டும் இருந்திருக்கலாம். அடுத்த முறை போகும்போது காரணத்தைக் கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் செல்வி

அந்த ஓட்டலுக்குப் போன் செய்து மெனு கேட்டேன், சிரித்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். சுருக்கமாக: தக்காளி சூப், காளான் க்ரீம் சூப். சாலட் நாலைந்து வகை. தவா இறால், சிக்கன் 65, கோபி 65, கண்ணெதிரே வஞ்சிரம் கிரில். மீன் குழம்பு, மட்டன் பிரியாணி, பட்டர் சிக்கன், பனீர் பட்டர் மசாலா, தால் மக்னி, ஆப்பம், வெஜ் ஸ்டூ, நான், பாஸ்தா. சாதம், சாம்பார், ரசம், பீன்ஸ் பொரியல். இனிப்பில் கேரமல் கஸ்டர்ட், பிரவுனி, குளோப் ஜாமூன், ஐஸ்க்ரீம், குட்டி க்ரோசான், பழம்.

எனக்கு ஆசை என்றால் மூன்று: மட்டன் பிரியாணி, ஆப்பம் ஸ்டூ, கேரமல் கஸ்டர்ட். மற்றது எதுவும் இல்லாவிட்டாலும் அழமாட்டேன்.

பழைய கரண்டி

ஆசை மூன்றுதான் என்று சொல்லிவிட்டீர்களே, பாதி வேலை முடிந்தது. முதலில் தட்டு எடுக்காமல் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பஃபேயில் வரிசை வைப்பதே கணக்குப் போட்டுத்தான். வயிற்றை நிரப்பும் மலிவான சமாசாரமும் வறுவலும் முதலில், விலை உயர்ந்தது கடைசியில் ஓரமாக. வாசலிலிருந்து தட்டோடு வந்தால் பிரியாணிக்குப் போவதற்குள் தட்டில் கோபி 65 மலையாக நிற்கும்.

கண்ணெதிரே சமைக்கிற கவுண்ட்டர்தான் உங்களுக்குச் சாதகமான இடம். அங்கே மட்டும்தான் சொல்லிச் செய்ய வைக்கலாம். வஞ்சிரத்துக்கு, "தம்பி, மேலே வெண்ணெய் தடவாதே, எலுமிச்சை மட்டும் பிழி" என்று சொல்லுங்கள். வழக்கமாக கிரில் முடிந்ததும் பிரஷ்ஷால் வெண்ணெய் தடவித்தான் தட்டில் வைப்பான், மினுமினுப்புக்காக. நானும் அப்படித்தான், தந்தூரில் இருந்து வரும் ரொட்டிக்கும் அதே பிரஷ். சொன்னால் தடவாமல் கொடுப்பான், கோபப்பட மாட்டான். பாஸ்தாவுக்கு வெள்ளை சாஸ் வேண்டாம், தக்காளி சாஸ் என்றால் அப்படியே.

தவா இறால் அங்கேயே தவாவில் போட்டால் தாராளமாக எடுக்கலாம். மாவு பூசி முக்கிப் பொரித்ததை ஏற்கெனவே தட்டில் அடுக்கி வைத்திருந்தால் விடுங்கள். பஃபே வறுவல் பெரும்பாலும் பாமோலினில்தான், அதே எண்ணெய் மதியம் முழுக்க ஓடும்.

மீன் குழம்பு, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் தேங்காய்ப் பால் ஊற்றினீர்களா?" புளி மட்டும் என்றால் உங்கள் சாதத்துக்கு அதுதான் ராஜா. (ஓ.டி. ராஜா இல்லை.)

நெய்வேலி முருகன்

எனக்கும் இதே பிரச்சினைதான். டிரைகிளிசரைடு 380. எண்ணெயே இல்லாமல் சாப்பிடுகிறேன். மூன்று வேளையும் சாதம், ரசம், காய், நடுவில் ஃபிரெஷ் ஜூஸ். குறையவே இல்லை. பஃபே போனாலும் பொரித்ததைத் தொடுவதில்லை, ஜாமூனும் பழச்சாறும்தான்.

லதா, உணவியல்

முருகன் சார், உங்களுடையது இதே பிரச்சினை இல்லை, பக்கத்து வீடு. செல்விக்கு ஏறியிருப்பது எல்.டி.எல்., அதில் கை வைக்க வேண்டியது வெண்ணெய், க்ரீம், தேங்காய்ப் பால். உங்கள் டிரைகிளிசரைடை ஏற்றுவது மலையாகக் குவிக்கும் வெள்ளைச் சாதம், ஜூஸ், இனிப்பு, பழக்கம் இருந்தால் மதுவும். பஃபேயில் உங்கள் தட்டு செல்வியின் தட்டு மாதிரி இருக்கக் கூடாது. நீங்கள் ஜாமூனை விட்டுவிட்டு கிரில் மீனை எடுக்க வேண்டியவர். கொஞ்சம் எண்ணெய் உங்களைக் கவிழ்க்காது. சர்க்கரை அளவும் பார்த்துவிட்டீர்களா? இல்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள்.

செல்விக்கு இப்போது கணக்கு. எல்.டி.எல். குறைக்க நினைப்பவர்களுக்கு நிறைவுற்ற கொழுப்பு ஒரு நாள் முழுக்க 13, 14 கிராமுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம் (உங்கள் உடல்வாகுக்கு, சுமாரான உத்தேசம்). காலையில் இட்லி, சாம்பார் என்றால் கிட்டத்தட்ட ஒன்றும் செலவாகாது. இரவு ரசம் சாதமோ கஞ்சியோ என்று வைத்துக்கொண்டால், மதியத்துக்கு 11 கிராம் போலக் கையில் இருக்கிறது.

தக்காளி சூப், பயறு சாலட், கிரில் வஞ்சிரம் ஒரு துண்டு, தவா இறால் ஏழெட்டு, பீன்ஸ் பொரியல். இத்தனையும் சேர்ந்து இரண்டு மூன்று கிராம்தான். சாலட்டில் மயோனைஸ் போட்டதைத் தவிர்த்தால் போதும். இதைச் சாப்பிடும்போதே வயிறு அரைவாசி நிறைந்துவிடும், தட்டும் பார்க்க நிறைவாக இருக்கும். நாத்தனாருக்குப் பேச ஒன்றும் கிடைக்காது.

மீதி எட்டு கிராம் உங்கள் ஆசைக்கு. பிரியாணி ஒரு சின்னக் கிண்ணம், கறி இரண்டு துண்டு, கொழுப்புத் துண்டை ஒதுக்கிவிட்டு. வெள்ளாட்டுக் கறி மெலிந்த பாகமாக இருந்தால் அதில் கொழுப்பு அதிகமில்லை, பிரியாணியில் பயப்பட வேண்டியது தம் போடும்போது ஊற்றும் நெய்தான். அடியிலிருந்து எடுக்காமல் மேல் பக்கமாக எடுங்கள், நெய்யும் எண்ணெயும் கீழே இறங்கியிருக்கும். இது ஐந்து கிராம் என்று வைப்போம். கேரமல் கஸ்டர்ட் ஒரு குட்டி மூன்று. கணக்கு முடிந்தது.

ஆப்பம் ஸ்டூவுக்கு இடமில்லை. வேண்டுமென்றால் பிரியாணிக்குப் பதிலாக ஸ்டூ. ஒரு கரண்டியில் முதல் பால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, ஐம்பது மில்லி இருந்தாலே எட்டு ஒன்பது கிராம் போய்விடும். ஆப்பத்தை மட்டும் எடுத்து மீன் குழம்பில் தொட்டுச் சாப்பிடலாம், அது இலவசம் மாதிரி. மாவில் தேங்காய் கொஞ்சம் இருந்தாலும் ஒரு ஆப்பத்தில் பெரிதாக வராது.

இவையெல்லாம் தராசில் நிறுத்தது இல்லை. எது சின்னது, எது பெரியது என்று தெரிய மட்டும். க்ரோசான் சின்னதாக இருக்கிறதே என்று எடுத்தால், மடிப்புக்கு மடிப்பு வெண்ணெய்.

புஸ்ஸி வீதி

பாண்டிக்கு வந்துவிட்டு ஒயின் இல்லாமலா? ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். பிரெஞ்சுக்காரன் வெண்ணெயும் சீஸும் தின்கிறான், நன்றாகத்தானே இருக்கிறான்.

லதா, உணவியல்

மது நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்.டி.எல்.லைக் கொஞ்சம் ஏற்றும், டிரைகிளிசரைடையும் ஏற்றும், எல்.டி.எல்.லைக் குறைக்காது. குடிக்காதவர் இதயத்துக்காக ஆரம்பிக்க வேண்டும் என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை.

புஸ்ஸி வீதி

நான் ஆரம்பித்து ரொம்ப நாளாச்சு மேடம், கவலைப்படாதீர்கள்.

லாஸ்பேட்டை கமலா

கணக்கெல்லாம் சரி. என் வீட்டுக்காரர் கதையைச் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்தபின் முதல் தடவை பஃபே போனபோது வீம்பாக சாலட், தர்பூசணி என்று மட்டும் சாப்பிட்டார். எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு டப்பாவைத் திறந்து மிக்சரும் முறுக்கும் காலி செய்தார். பிடித்ததைப் பார்த்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால் அது எங்கே போகும்? அதற்கப்புறம் நான் விடுவதில்லை. முதலில் அவருக்குப் பிடித்த ஒன்று, அதை ரசித்துச் சாப்பிடட்டும். காலையிலும் பட்டினி போடுவதில்லை, கிளம்புமுன் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்துவிடுவேன். காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று பட்டினியாகப் போனால் வாசலில் இருக்கிற வறுவலிலேயே விழுந்துவிடுவார்.

இன்னொன்று செல்வி, பிடித்த பண்டத்தை உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுங்கள். இனிப்புக் கவுண்ட்டர் பக்கத்தில் நின்றுகொண்டே கஸ்டர்ட் சாப்பிட்டால் கை தானாகப் பிரவுனிக்குப் போகும்.

சுண்ணாம்பாறு

குறுக்கே ஒரு கேள்வி. ஞாயிறு பஃபே, திங்கள் காலையில் எனக்கு லிப்பிட் டெஸ்ட். மாட்டிக்கொள்வேனா?

லதா, உணவியல்

ஒரு வேளைச் சாப்பாட்டில் எல்.டி.எல். பெரிதாக நகராது, அது வாரக் கணக்கில் நகர்வது. அதனால்தான் மறுபரிசோதனையை ஒன்றிரண்டு மாதம் கழித்து வைக்கிறார்கள். ஆனால் டிரைகிளிசரைடு அப்படியில்லை, முந்தின நாள் கனமான விருந்தும் மதுவும் மறுநாள் காலையிலும் தெரியலாம். பல லேபில் எல்.டி.எல்.லை நேராக அளக்காமல் மற்ற எண்களை வைத்துக் கணக்குப் போட்டுத் தருகிறார்கள், டிரைகிளிசரைடு ரொம்ப எகிறினால் அந்தக் கணக்கும் கோணும். தள்ளிப்போட முடிந்தால் வியாழன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பம் செல்வி

போய்விட்டு வந்தேன். மீன் குழம்பில் தேங்காய்ப் பால் உண்டு என்றார்கள், கேட்டது நல்லதாகப் போயிற்று. ரசம், பொரியலோடு சாதம் கொஞ்சம். கிரில் தம்பி வெண்ணெய் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேவிட்டார், சொன்னதும் வைத்துவிட்டு எலுமிச்சையோடு மிளகும் தூவிக் கொடுத்தார். பிரியாணி சாப்பிட்டேன். கஸ்டர்ட் சுமார்தான், பாதியில் வைத்துவிட்டேன், சுமாரான இனிப்புக்கு எதற்குக் கணக்கைச் செலவழிப்பது. நாத்தனார் என் தட்டைப் பார்த்து, "இறாலெல்லாம் சாப்பிடலாமா?" என்றுதான் கேட்டார்!

ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்கள் வீட்டில் தினமும் தேங்காய்ச் சட்னி. ஸ்டூவுக்கு இவ்வளவு சொன்னீர்களே, அதுவும் நிறுத்த வேண்டுமா?

ஓ.டி. ராஜா

எங்க ஆயா 90 வயது வரை தேங்காய் இல்லாமல் சாப்பிட்டதே இல்லை. தேங்காயைக் குறை சொல்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். இறால் விஷயத்தில் வேண்டுமானால் டாக்டரைக் கேட்கிறேன்.

லதா, உணவியல்

ஆயாவின் எல்.டி.எல். என்னவென்று தெரிந்தால் பேசலாம் ராஜா. செல்வி, சட்னி வேறு, பால் வேறு. துருவலில் நார் இருக்கிறது, இரண்டு ஸ்பூன் சட்னியில் போகும் தேங்காயும் குறைவு. பிழிந்த முதல் பாலில் கொழுப்பு மட்டும் திரண்டு நிற்கிறது. சட்னியை வாரத்தில் சில நாள் தக்காளி, புதினா, கொத்தமல்லி என்று மாற்றி, மூன்று மாதம் கழித்து எண் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெயில் தாளிக்கிறீர்களா என்று முதலில் சொல்லுங்கள்.

பழைய கரண்டி

கடலூர்க்காரங்க தாளிப்பது கடலை எண்ணெய், இல்லாவிட்டால் ரேஷன் பாமாயில். அதைக் கேளுங்கள் மேடம்.

மஞ்சக்குப்பம் செல்வி

...ரேஷன் பாமாயில்தான் அண்ணா. வடை, அப்பளத்துக்கு மட்டுமில்லை, தாளிப்புக்கும்.